ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, வேலையை விடுகிறேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடைக் கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். தொகைகளும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை.

பேங்குக்குக் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் கொஞ்சம் கூட்டிப் போடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதானே? இதற்காக ஒருவர் வேலையை விட வேண்டுமா?

எவ்வளவு கூட்டுகிறார்கள், எதற்காகக் கூட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

கேஷ் கிரெடிட் கணக்கில் பேங்க் 8 கோடி லிமிட் கொடுத்திருக்கிறது என்றால் 8 கோடியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு மாதமும் கொடுக்கும் ஸ்டேட்மென்ட்டை வைத்து டிராயிங் பவர் எவ்வளவு என்று பேங்க் போடும். நம் கம்பெனியில் மார்ச் 31 அன்று டேலியில் சரக்கு 4.20 கோடி. சரக்குக்காக நாம் தர வேண்டிய பாக்கி 1 கோடி. அதைக் கழித்தால் 3.20 கோடி, அதில் 25 சதவீத மார்ஜின் போக 2.40 கோடி. 90 நாளுக்குள் வர வேண்டிய வசூல் 3 கோடி, அதற்கும் அதே மார்ஜின் போக 2.25 கோடி. ஆக டிராயிங் பவர் 4.65 கோடி. ஆனால் கம்பெனி ஏற்கெனவே 6.50 கோடி எடுத்துச் செலவழித்துவிட்டது.

இப்போது பேங்குக்குப் போகும் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு 6.70 கோடி என்று இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். டிராயிங் பவர் 6.52 கோடியைத் தாண்டுகிறது, எடுத்த பணத்துக்குச் சரியாகப் போதுகிறது. கைதவறிப் போட்ட தொகை இப்படி இடைவெளியை அளந்து வந்து உட்காராது. எவ்வளவு வேண்டும் என்று முதலில் பார்த்து, பின்னாலிருந்து சரக்கை உருவாக்கியிருக்கிறார்கள். இல்லாத சரக்கை அடமானம் காட்டி வாங்கிய பணம் அது.

விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டு நிலைமையும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஆனால் 'எல்லாரும் செய்வதுதான்' என்ற பேச்சு, அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருந்தால் உதவாது. கம்பெனிச் சட்டத்தின் 447-வது பிரிவு மோசடிக்குப் பொறுப்பாளியாக இயக்குநரை மட்டும் சொல்லவில்லை. அதில் ஈடுபட்ட எவரையும் சொல்கிறது.

எனக்குத்தான் விஷயம் முழுசாகப் புரியவில்லையோ என்று சந்தேகம். வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. பின்னலாடைத் தொழிலில் நிறையவே உண்டு. நூல் ஒரு இடத்தில், துணி நிட்டிங்கில், அப்புறம் சாயப்பட்டறையில், கட்டிங் முடிந்து வேறு யூனிட்டில் தையலுக்கு என்று சரக்கு ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் குடோனில் இல்லாததால் அது நம் சரக்கு இல்லை என்று ஆகிவிடாது. எனவே முதலில் ஜாப் ஒர்க் போன சரக்கின் டெலிவரி சலான்களை எடுங்கள். போனது, திரும்பி வந்தது, இன்னும் வெளியே இருப்பது என்று கூட்டிப் பாருங்கள். வெளியே இருக்கும் சரக்கு டேலியில் விட்டுப்போயிருந்தால் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்தான் சரி, டேலிதான் தப்பு என்றுகூட வரலாம்.

அடுத்தது, வழியில் இருக்கும் சரக்கு. மார்ச் 30-ஆம் தேதி மில்லிலிருந்து கிளம்பிய நூல் ஏப்ரல் 2-ஆம் தேதி வந்திருக்கும். மூன்றாவது, மதிப்புப் போடும் விதம். அடக்கவிலைக்குப் பதில் விற்பனை விலையில் போட்டால் தொகை ஏறும். அது தவறுதான், ஆனால் இல்லாத சரக்கைக் காட்டுவது போன்றதல்ல.

இந்த மூன்றையும் கழித்த பிறகு மிச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். நம் கம்பெனியில் வித்தியாசம் 2.50 கோடி. சலான், வழிச்சரக்கு எல்லாம் சேர்த்து 30 லட்சம் விளக்கம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 2.20 கோடிக்குச் சலான் இல்லை, மில் பில் இல்லை, குடோன் ரிஜிஸ்டரில் வரவும் இல்லை. கிலோ கணக்கில் கேட்டாலே பல சமயம் குட்டு உடைந்துவிடும்: ரூபாயில் தொகை இருக்கும், எத்தனை கிலோ துணி என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். சாயப்பட்டறையில் கிடக்கும் துணியை மறந்துவிட்டுக் குற்றம் சொன்னவர் பேச்சு அதற்கப்புறம் எடுபடாது.

எம்.டி.யிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். மெயில் வேறு போட வேண்டுமா? உறவு கெட்டுவிடுமே?

போட வேண்டும். நேரில் பேசியது அந்த அறையோடு போய்விடும். ஆறு மாதம் கழித்து 'அவர்தான் ஸ்டேட்மென்ட் தயார் செய்தார், எங்களுக்கு எதுவுமே சொல்லவில்லை' என்று பேச்சு மாறினால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

உறவு கெடாமல் எழுத ஒரு வழி இருக்கிறது. குற்றச்சாட்டாக எழுதாமல், கணக்குப் பார்ப்பவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியாகவே எழுதுங்கள். 'மார்ச் 31 சரக்கு டேலியில் 4.20 கோடி, வரைவு ஸ்டேட்மென்ட்டில் 6.70 கோடி. ஜாப் ஒர்க், வழிச்சரக்கு சேர்த்து 30 லட்சத்துக்கு விவரம் கிடைத்தது. மீதி 2.20 கோடிக்கு ஆதாரம் தந்தால் ஸ்டேட்மென்ட்டை முடித்துவிடுகிறேன்.' இவ்வளவுதான். இதில் யாரும் கோபப்பட ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வித்தியாசத்தை நீங்கள் கவனித்தீர்கள், சொன்னீர்கள், விளக்கம் கேட்டீர்கள் என்பது மூன்றும் தேதியோடு பதிவாகிவிட்டது.

பிறகு கூப்பிட்டுப் பேசுவார்கள். 'போன வருஷமும் இப்படித்தான் கொடுத்தோம், சீசன் வந்தால் சரியாகிவிடும்' என்பார்கள். அந்தப் பேச்சு முடிந்த மறுநாளே இன்னொரு மெயில்: 'நேற்றைய பேச்சில் இன்னின்னது சொல்லப்பட்டது, நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் திருத்தவும்.' பெரும்பாலும் பதில் வராது. அந்த மௌனமும் உங்களுக்குப் பயன்படும்.

ஆதாரத்துக்காக டேலி டேட்டாவையும் பேங்க் பேப்பர்களையும் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த விஷயத்தில் பலர் அவசரப்படுவார்கள், அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பும். நியமனக் கடிதத்தில் ரகசியம் காக்கும் ஷரத்து ஒன்று பெரும்பாலும் இருக்கும். மொத்த டேட்டாவையும் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு 2.20 கோடியிலிருந்து நகர்ந்து, கம்பெனி டேட்டாவைத் திருடினார் என்ற இடத்துக்கு வந்துவிடும். கஸ்டமர் விலைப்பட்டியலும் ஊழியர்களின் சம்பள விவரமும் அதில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் உங்களுக்கு வேண்டும். ஸ்டேட்மென்ட்டின் அசல் பேங்கில் இருக்கிறது. மெயில் கம்பெனி சர்வரில் இருக்கிறது. டேலியில் யார் எந்த வவுச்சரை எப்போது மாற்றினார்கள் என்பது எடிட் லாகில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் அந்தப் பதிவு உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், அதை நிறுத்தி வைக்கவும் கூடாது. (பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு இந்த விதி கிடையாது.) விசாரணை என்று வந்தால், அதிகாரம் உள்ளவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எந்தத் தேதியில், யார் யாருக்கு, என்ன தலைப்பில் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். அப்புறம், உங்கள் பெயரில் நீங்கள் கொடுக்கும் கடிதத்தின் நகல் உங்களுடையது. அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் ராஜினாமா கடிதத்துக்கு இவ்வளவு கனம்.

'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதி விட்டுவிட்டால் நல்லபடியாக வெளியே வந்துவிடலாமே?

வந்துவிடலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியை எழுதியதும், நீங்கள் வேலையில் இருந்தபோது போன ஸ்டேட்மென்ட்டுகளைப் பற்றி உங்களுக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும். இரண்டு வருடம் கழித்துக் கடன் வாராக்கடன் ஆகி, பேங்க் ஃபாரன்சிக் ஆடிட் வைத்து, பழைய கணக்கு மேனேஜரைத் தேடி வரும்போது, 'மனசாட்சிப்படிதான் வெளியே வந்தேன்' என்று நீங்கள் சொன்னால் முதலில் இந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

முன்பே மெயில் போட்டிருந்தால் பாதி பிழைத்தீர்கள். அப்போதும் கடிதத்தில் ஒரு வரியாவது அந்த மெயிலைத் தொட்டுக்காட்ட வேண்டும்.

சரி, கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலான ஆபீஸ்களில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இதுதான்.

> தேதி: 05.05.2025
>
> பெறுநர்: நிர்வாக இயக்குநர்
> நகல்: இயக்குநர் குழு உறுப்பினர்கள்
>
> பொருள்: கணக்குப் பிரிவு மேலாளர் பணியிலிருந்து ராஜினாமா
>
> ஐயா,
>
> கணக்குப் பிரிவு மேலாளர் பணியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதத்தின்படி இரண்டு மாத நோட்டீஸ் இன்று தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் 04.07.2025.
>
> 31.03.2025 அன்று கணக்குப் புத்தகங்களின்படி சரக்கு இருப்பு ரூ. 4.20 கோடி. அதே தேதிக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வரைவில் ரூ. 6.70 கோடி. இதில் ரூ. 2.20 கோடிக்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை 09.04.2025 தேதியிட்ட மின்னஞ்சலில் தெரிவித்து விளக்கம் கேட்டேன்.
>
> 11.04.2025 அன்று தங்கள் அறையில் இது குறித்துப் பேசினோம். பேசியதை 12.04.2025 தேதியிட்ட மின்னஞ்சலில் பதிவு செய்தேன். இரண்டு மின்னஞ்சல்களுக்கும் இன்றுவரை எழுத்தில் பதில் வரவில்லை.
>
> 15.04.2025 அன்று ரூ. 6.70 கோடி சரக்கு இருப்புடன் ஸ்டேட்மென்ட் வங்கிக்கு அனுப்பப்பட்டது. அதில் நான் கையெழுத்திடவில்லை.
>
> 02.05.2025 அன்று, ஏப்ரல் மாத ஸ்டேட்மென்ட்டை அதே அடிப்படையில் தயாரிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. கணக்குப் புத்தகங்களுடன் ஒத்துப்போகாத அறிக்கையைத் தயாரிக்கவோ அதில் கையெழுத்திடவோ என்னால் இயலாது. அதனாலேயே ராஜினாமா செய்கிறேன்.
>
> நோட்டீஸ் காலத்தில் மற்ற எல்லாப் பணிகளையும் செய்து, பொறுப்புகளை எழுத்துமூலம் ஒப்படைப்பேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

இதில் ஒவ்வொரு வரியையும் வேறு ஒரு காகிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும் என்பதைக் கவனியுங்கள். 4.20 டேலியில் இருக்கிறது, 6.70 பேங்கில் இருக்கிறது, மெயில்கள் சர்வரில் இருக்கின்றன. பேச்சு மட்டும்தான் காகிதமில்லாதது, அதையும் மறுநாள் மெயில் தாங்குகிறது. உங்கள் நேர்மையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேவையும் இல்லை.

'மோசடி', 'கள்ளக்கணக்கு' என்றெல்லாம் எழுதினால்தானே அவர்களுக்கு உறைக்கும்?

உறைக்கும், வக்கீல் நோட்டீஸும் வரும். மோசடி என்பது சட்டத்தில் ஒரு முடிவு. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், எம்.டி. மனதில் என்ன இருந்தது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதை நிரூபிக்க முடியும். அதோடு நிறுத்துங்கள்.

அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வதற்கு அதில் விலக்கு இருக்கிறது. எனவே யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். எம்.டி.க்கும் இயக்குநர் குழுவுக்கும் போனால் அது முறை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்த விலக்கைக் கேட்டு நிற்பது கஷ்டம்.

இன்னும் சில வார்த்தைகளும் வழுக்கும். 'பல மாதங்களாக' என்று எழுதினால் எந்தெந்த மாதம் என்பார்கள். 'எல்லாருக்கும் தெரியும்' என்றால் யார் யார் என்பார்கள். 'எனக்குத் தெரிந்தவரை வேறு தவறுகளும் உள்ளன' என்று எழுதவே எழுதாதீர்கள். அப்படியானால் ஏன் அவற்றைச் சொல்லவில்லை என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்.

கடிதத்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள். 'காரணத்தை எடுத்துவிட்டுக் கொடு, உடனே ரிலீவிங் லெட்டர் தருகிறோம்' என்கிறார்கள். என்ன செய்வது?

வாங்க மறுத்தால் அன்றைக்கே மெயிலில் அனுப்பி, அதே கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். 'வாங்க மறுத்தார்' என்று தபால் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள். நேரில் கொடுக்க முடிந்தால் இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதி, கையெழுத்து, சீல் வாங்குவதுதான் பழைய வழி, இன்றும் அதற்கு ஈடில்லை.

காரணத்தை எடுக்கச் சொல்வது பேரம். ரிலீவிங் லெட்டர் உங்களுக்கு அவசரமாக வேண்டியிருக்கும், அவர்களுக்கும் அது தெரியும். ஒரு நடுவழி சிலருக்கு ஒத்துவரும்: காரணத்தை ராஜினாமா கடிதத்தில் ஒரே வரியில் சுருக்கிவிடலாம், 'என் 09.04.2025, 12.04.2025 மின்னஞ்சல்களில் குறிப்பிட்ட காரணங்களுக்காக' என்று. படிக்க மென்மையாக இருக்கும், பிடிப்பும் விடாது. ஆனால் 'எனக்கு எந்தப் புகாரும் இல்லை' என்ற வரியை அவர்கள் டைப் அடித்துக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபைனல் செட்டில்மென்ட் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அது ஒளிந்திருக்கும், படித்துப் பாருங்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவர்கள் இழுத்தடித்தாலும் வழி இருக்கிறது. வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்த பிறகு, வெளியேறிய தேதியை உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

நோட்டீஸ் காலத்திலேயே மே மாத ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. என் லாகினில் வேறு யாரோ எண்ட்ரி போடுகிறார்கள்.

ஸ்டேட்மென்ட்டைப் பொறுத்தவரை, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒரு வரைவு தயார் செய்து எம்.டி.க்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். வேலையை மறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் எண்ணை மாற்றி அனுப்பினால் அது அவர்கள் கையெழுத்து.

லாகின் விஷயம் இதைவிட அவசரம். எடிட் லாகில் பதிவாவது பயனர் பெயர்தான், விரல் யாருடையது என்று டேலிக்குத் தெரியாது. இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் பெயரில் நீங்கள் போடாத வவுச்சர் இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, 'இது நான் இட்ட பதிவு அல்ல' என்று மெயில் போடுங்கள். நீங்களாக அதை அழித்துவிடாதீர்கள். அழித்ததும் உங்கள் பெயரிலேயே லாகில் ஏறும், பார்ப்பவர் கண்ணுக்கு நீங்கள்தான் தடயத்தை மறைத்தவர் ஆவீர்கள்.

கடைசி நாளில் எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்?

சாவி, லேப்டாப் எல்லாம் எப்படியும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். யாரும் கேட்காதவைதான் பின்னால் கடிக்கும்.

நம் ஊர் ஆபீஸ்களில் இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கணக்குப் பிரிவு மேஜை டிராயரில்தான் கிடக்கும், பாஸ்வேர்டும் உங்களுக்குத்தான் தெரியும். அந்த டோக்கன் உங்களிடம் இருந்த தேதிவரை அதில் போன ஒவ்வொரு ஃபைலிங்குக்கும் உங்களைக் கேட்பார்கள். யாரிடம், எந்த நேரத்தில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டல், வருமான வரிப் போர்ட்டல், பேங்க் நெட் பேங்கிங் இவற்றின் ஓ.டி.பி. உங்கள் மொபைலுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கடைசி நாளுக்கு முன்பே எண்ணை மாற்ற வைக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு 'ஒரு ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க சார்' என்று போன் வரும். சொன்னால், அந்த ரிட்டர்னில் உங்களுக்கும் கை இருக்கிறது.

ஆடிட்டர் என்னைக் கேட்டால் சொல்லலாமா? பேங்குக்கு நானே எழுதலாமா?

ஆடிட்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கம்பெனிச் சட்டத்தின் 143-வது பிரிவு, தேவையான தகவலைக் கேட்டு வாங்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. அவரும் இதைத் தாண்டிப் போக முடியாத இடத்தில் இருக்கிறார்: 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதன லிமிட் இருந்தால், பேங்குக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டேட்மென்ட்டுகள் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று அவர் தன் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். நம் கம்பெனி அந்த வரம்புக்குள் வருகிறது. அதனால் வித்தியாசத்தை எழுப்ப ஆடிட் சமயம்தான் வசதியானது. மோசடி என்று அவர் கருதினால் மேலே தெரிவிக்கும் கடமையும் அவருக்குத் தனியாக உண்டு.

பேங்குக்கு நேரடியாக எழுதுவது வேறு படி. உள்ளே எழுப்பி, பதில் வராமல், வெளியேறிய பிறகு அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வக்கீலிடம் நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள். புகார் சொன்னவரைக் காப்பதற்கென்று 2014-ல் இயற்றிய சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. தனியார் கம்பெனிக் கணக்கு மேனேஜருக்கு அது குடையாகாது. லிஸ்டட் கம்பெனி என்றாலோ, பேங்கில் 50 கோடிக்கு மேல் கடன் உள்ள கம்பெனி என்றாலோ, உள்ளேயே புகார் சொல்லும் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். அப்படியானால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்த இன்டர்வியூவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால்?

'ஒரு அறிக்கையில் எனக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு. எழுத்தில் தெரிவித்தேன், தீரவில்லை, நோட்டீஸ் காலம் முடித்துவிட்டு வந்தேன்.' இதற்கு மேல் பழைய கம்பெனியின் எண்களைச் சொல்லாதீர்கள். அதே ஊரில் அதே பேங்க் கிளையில்தான் புதிய முதலாளிக்கும் கணக்கு இருக்கலாம். துருவிக் கேட்டால், 'அந்த விவரம் அவர்களுடையது, உங்கள் விவரத்தையும் நான் வெளியே சொல்ல மாட்டேன்' என்று சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கேட்டு முகம் மாறுகிற முதலாளி என்றால், அவர் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சேருங்கள்.